பத்து வருடம் எதுக்கு?

வொரண்டி கார்டில் ஆகப் பெரிய எழுத்தில் இருப்பது காலம்தான். நாங்கள் நாலு பேர் மகாபொலக் காசையும் வீட்டுக் காசையும் சேர்த்து போர்டிங்குக்கு வாங்கின ஃபிரிட்ஜின் கார்டிலும் “10 வருடம்” என்று சிவப்பில் அடிச்சிருந்தது. 2023 மார்ச் 18இல் வாங்கினது. 2025 ஜூலையில் குளிர் நின்றுபோனது. உள்ளே லைட் எரியுது. பின்பக்கம் சில நிமிஷத்துக்கு ஒருக்கா ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்லை. “பத்து வருஷம் இருக்குத்தானே, ஏன் யோசிக்கிறியள்?” எண்டாள் ஒருத்தி. “அந்தப் பத்து வருஷம் எதுக்கு எண்டு எழுதியிருக்கு?” எண்டு மற்றவள் கேட்டாள். அதுக்குப் பதில் சொல்ல எங்களில் ஒருத்தராலயும் முடியேல்லை.

அசல் கார்ட் எங்களில் ஒருத்தியின் வீட்டில், அவளின் அம்மாவிடம் இருந்தது. கையில் இருந்தது போனில் எடுத்த ஒரு படம் மட்டும்தான். பளபளப்பான அட்டையில் ஃபிளாஷ் பட்டு, சின்ன எழுத்துகள் இருந்த கீழ்ப்பாதி வெள்ளையாகப் போயிருந்தது. அம்மாவிடம் திரும்ப எடுக்கச் சொன்னோம்: பகல் நேரத்தில், யன்னலுக்குப் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மடிப்பை முழுசா விரிச்சு, நேரே மேலிருந்து. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பிறகு சின்ன எழுத்துகளைக் கிட்டப்போய் இன்னும் இரண்டு. அப்பதான் “10 வருடம்” என்பதுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருப்பது தெரிஞ்சது. அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் பின்பக்கத்தில், மடிப்புக்குள்ள, ஆங்கிலத்தில் இருந்தது.

அதை வாசிச்சு ஒரு அட்டவணை போட இருந்தோம். முதலில் மனசில் வந்தது, மேலே காலம் என்று ஒன்றை எழுதிவிட்டு, கீழே ‘கிடைக்கும்’, ‘கிடைக்காது’ என்று இரண்டு பத்தி போடுவது. கார்டைப் படிக்கப் படிக்க அது சரிவராது எண்டு விளங்கினது. காலம் முழு ஃபிரிட்ஜுக்கும் ஒன்றில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் வேற வேற. அதோட ஒரே பகுதிக்குள்ளயே பாகம் அவர்களுடையது, கூலி எங்களுடையது. அதனால காலத்தை ஒவ்வொரு வரிக்குள்ளயும் வைச்சோம்.

| பகுதி | எதுவரை | அவர்கள் தருவது | நாங்கள் கட்டுவது |
|---|---|---|---|
| முழு ஃபிரிட்ஜ் | 1 வருடம் (2024 மார்ச் 17) | பாகம், கூலி | ஒன்றுமில்லை |
| கொம்பிரசர் | 10 வருடம் (2033 மார்ச் 17) | 2ஆம் வருடத்திலிருந்து பாகம் மட்டும் | கூலி, காஸ், வந்து பார்க்கும் கட்டணம் |
| பல்ப், கதவு றப்பர், கண்ணாடித் தட்டு, பிளாஸ்ரிக் | இல்லை | இல்லை | எல்லாம் |
| மின்னல், கூடிக் குறைஞ்ச கரண்ட், எலி கடிச்ச வயர், வெளியாள் கழற்றினது | இல்லை | இல்லை | எல்லாம் |
| கொம்பிரசரோட பொருத்தின ரிலே | கார்டில் இல்லை | கேட்கவேணும் | கேட்கவேணும் |

“1 வருடம்” என்று மட்டும் எழுதாமல் முடிகிற திகதியைப் போட்டதுக்குக் காரணம் இருக்கு. கார்டின்படி காலம் பில்லில் உள்ள திகதியிலிருந்து ஓடத் தொடங்குது. ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தோ, பிளக் போட்ட நாளிலிருந்தோ இல்லை. திகதியாக எழுதினால் பிறகு ஒருத்தரும் விரல் மடிச்சு எண்ணத் தேவையில்லை.

கடைசி வரிதான் எங்களுக்குள்ள கூட நேரம் கதைச்ச வரி. கொம்பிரசர் ஓடத் தொடங்க உதவுகிற சின்னப் பாகம் ரிலே. கொம்பிரசரின் பக்கத்திலேயே பொருத்தியிருக்கும். கார்டில் அந்தச் சொல்லே இல்லை. “கொம்பிரசரோடதானே இருக்கு, அப்ப அதுக்கும் பத்து வருஷம் எண்டு போடுவம்” எண்டு ஒருத்தி சொன்னாள். ஆனால் கார்ட் சொல்லாததை நாங்கள் ஊகிச்சு நிரப்பினால், பிறகு பார்க்கிற ஆள் அதையும் கார்ட் சொன்னது எண்டுதான் நம்பும். அதனால் “கார்டில் இல்லை” எண்டே விட்டோம்.

உரிமை கோரும் படிகளை அட்டவணைக்குள் திணிக்காமல் கீழே வரிசையாக எழுதினோம், ஏனெண்டால் அதில் ஒழுங்கு முக்கியம்:

1. கடை முத்திரை உள்ள அசல் கார்ட், பில், சீரியல் இலக்கம் மூன்றும் கையில் இருக்கவேணும். படம் போதாது என்று கார்டிலேயே இருக்கு.
2. சேவை நிலையத்துக்குப் போன் எடுத்து, தருகிற வேலை இலக்கத்தைக் குறிக்கவேணும்.
3. அவர்களின் ரெக்னீசியன் வரும்வரை வேற ஒருத்தரும் கழற்றக் கூடாது.
4. பார்த்த பிறகு, பழுதின் காரணத்தை வேலைத் தாளில் எழுதி வாங்கவேணும்.

நாலாவது படி கார்டில் இல்லாதது. நாங்கள் சேர்த்தது எண்டு பக்கத்தில குறிச்சிருக்கிறம். கரண்ட் கூடிக் குறைஞ்சதால் பழுது எண்டு வாயால் சொன்னால், அட்டவணையில் கொம்பிரசர் வரியிலிருந்து ‘எல்லாம் நாங்கள்’ என்ற வரிக்கு விழுந்துவிடுவோம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எழுத்தில் இருந்தால்தான் அதைப் பற்றி மேலே கதைக்கலாம். சீரியல் இலக்கத்தையும் ஃபிரிட்ஜில் ஒட்டியுள்ள லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கடையில் கையால் எழுதின 8, படத்தில் B மாதிரித் தெரிஞ்சது.

பிறகு போன் எடுத்தோம். அட்டவணை முன்னால இருந்ததால் “வொரண்டி இருக்கா?” எண்டு கேட்கவில்லை. “கொம்பிரசர் மாத்தினால் எங்கட செலவு எவ்வளவு? ரிலே கொம்பிரசருக்குள்ள அடங்குமா?” எண்டு கேட்டோம். மற்றப் பக்கம் கதைச்ச அக்கா பொறுமையாச் சொன்னா. கொம்பிரசரை மாத்த பழைய காஸை வெளியில விடவேணும். புதிசா காஸ் நிரப்பவேணும். குழாயில் உள்ள ஃபில்டரையும் மாத்தவேணும். கூலி, பார்க்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 17,000 ரூபாய். ரிலே தனி மின்பாகம், அதுக்கு முதல் வருஷம் மட்டும்தான். இலவசக் கொம்பிரசர் எண்டால் இதுதான்: பாகம் சும்மா, அதைப் பொருத்துகிற வேலை சும்மா இல்லை. ‘ஃபில்டர்’ என்பதை நாலாவது பத்தியில் சேர்த்தோம். ரிலே வரியில் அக்கா சொன்ன பதிலையும், “போனில் சொன்னது” எண்டு போட்டு அண்டைய திகதியையும் எழுதினோம்.

ஒரு ஆளுக்கு 4,250 ரூபாய். அதைக் கட்டுறதா, ஃபிரிட்ஜை அப்பிடியே பழைய விலைக்கு வித்துப்போட்டு இருக்கிறதா எண்டு அண்டிரவு கதைச்சோம். ஒருத்திக்கு அந்த மாதம் அவ்வளவு காசு இல்லை. முதலில் பார்க்கும் கட்டணத்தை மட்டும் கட்டிப் பார்ப்பம் எண்டு முடிவெடுத்தோம். வந்த அண்ணா பின்பக்க மூடியைக் கழற்றி, கொம்பிரசரின் முனைகளில் மீற்றர் வைச்சுப் பார்த்தார். கொம்பிரசர் நல்லா இருக்கு, போனது ரிலே எண்டார். அந்த ‘டிக்’ சத்தம், ஓட முயற்சி செய்து முடியாமல் கொம்பிரசர் சூடாகக் காப்பு சுவிட்ச் அதை வெட்டுகிற சத்தமாம். வேலைத் தாளில் அதையே எழுதித் தந்தார். பார்க்கும் கட்டணமும் ரிலேயும் சேர்த்து 4,400 ரூபாய்; ஆளுக்கு 1,100. பத்து வருடத்திலிருந்து எங்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை, ஆனால் எதுக்குக் கட்டுகிறோம் எண்டு தெரிஞ்சு கட்டினோம்.

கார்டில் உள்ளதையே தர மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அதுக்கும் பில்லும் கார்டும் வேணும். பில் வெப்பத்தில் அச்சாகிற தாள் எண்டால் எழுத்து மெல்ல மங்கிப்போகும். எங்கட பில்லில் விலை ஏற்கனவே பாதி அழிஞ்சிருந்தது, திகதி மட்டும் தப்பியிருந்தது. அம்மாவிடம் சொல்லி அதை ஃபோட்டோக்கொப்பி எடுத்து, அசலோடு சேர்த்து வைச்சிருக்கிறம்.