பெயர் எழுதாத வாழ்த்து

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். மரக்காணத்தில் வாழும் ஒரு பெரியவருக்கு, கோட்டக்குப்பத்திலிருந்து ஆண்டுதோறும் எழுதி வந்த கடிதம் அது. என்னை ஓத வைத்தவர் அவர். பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அது அவரிட்ட நிபந்தனை.

நம் மதரஸாக்களின் கல்வியாண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிவதை வாசகர் அறிவர். ஆகவே, பெருநாள் கழிந்த சில தினங்களில் பிள்ளைகள் பெட்டி கட்டியாக வேண்டும். மதரஸாவில் உணவும் உறைவிடமும் இலவசம்தான். ஆனால் கிதாபுகளுக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், இரண்டு சட்டை கைலிக்கும் யார் கொடுப்பது? என் தந்தையார் உப்பளக் கூலி. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெருநாள் வந்தது. அன்று ஸலாம் சொல்லச் சென்ற என் கையில் அப்பெரியவர் ஓர் உறையைத் திணித்து, "தம்பி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். உறையில் நானூறு ரூபாய் இருந்தது. பின்னர் ஆறு பெருநாட்களிலும் அவ்வாறே நடந்தது.

அது ஜகாத்தா, அன்பளிப்பா என்று அவர் சொல்லவில்லை. ஃபிக்ஹு கிதாபுகளை ஓதிய பின்னரே அதன் நயம் எனக்கு விளங்கிற்று. மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் பொருளீட்ட முடியாதவன் ஜகாத் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இன்னது ஜகாத் என்று பெறுபவனிடம் அறிவிக்க வேண்டியதும் இல்லை. கொடுப்பவர் உள்ளத்தில் நிய்யத் இருந்தால் போதும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுதல் தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று குர்ஆன் எச்சரிப்பதை அவர் எந்தக் கிதாபும் ஓதாமலே கடைப்பிடித்தார்.

ஓராண்டு கோடையில் காலம் தவறிய மழை பெய்தது. பாத்தியில் விளைந்த உப்பு கரைந்தது. உப்புநீர் நீர்த்துப்போனால் அதை வெளியேற்றி, தரையை மீண்டும் மிதித்து இறுக்கி, புதிதாக நீர் பாய்ச்சி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்; வாரங்கள் வீணாகும். அவ்வாண்டும் உறை வந்தது, ஒரு ரூபாய் குறையாமல். அது கடன் பணம் என்பது நெடுநாள் கழித்தே வேறொருவர் வாயால் எனக்குத் தெரிய வந்தது. அவரிடம் இதுவரை நான் அதைக் கேட்டதில்லை.

நன்றி சொல்லும் வகையில் உமறுப் புலவர் பாக்கியசாலி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டினார். அவர் மறைந்த பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியது போலவே, நபிகளாரின் வரலாற்றினூடே அபுல்காசிமின் பெயரைப் பல இடங்களில் பதித்து வைத்தார் புலவர். காப்பியம் உள்ளளவும் அந்த நன்றியும் ஓதப்படும். எனக்கோ, நன்றி சொல்லவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும்!

அதற்கு அரபுத்தமிழ் கைகொடுத்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதினால் கடைக் கணக்கப்பிள்ளைக்கும் புரியாது, அஞ்சல்காரருக்கும் புரியாது. மதரஸாவில் இருந்த காலத்திலும், உஸ்தாதாகப் பணியேற்ற பின்னரும், அவ்வெழுத்திலேயே மனம் திறந்து எழுதினேன். அவர் மறுமொழி எழுதியதில்லை. கடிதங்களைத் தலையணை உறைக்குள் வைத்திருப்பதாக மாமி ஒருமுறை சொன்னார்கள்.

இப்போது அவருக்குக் கண் தெரிவதில்லை. மாமியும் மௌத்தாகிவிட்டார்கள். மகனுக்கு அரபுத்தமிழ் படிக்க வராது. தமிழில் எழுதினால் மகன்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நாற்பது ஆண்டுக் காலம் வீட்டாருக்கும் தெரியாமல் காத்த இரகசியம் என் நன்றியாலேயே உடைந்துவிடும். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். இறுதியில் பெருநாள் தொழுகை முடிந்ததும் பேருந்தேறிவிட்டேன்.

கூடத்தில் உறவினர் நிறைந்திருந்தனர். ஸலாம் சொல்லி அவர் கையைப் பற்றிக்கொண்டேன். "வாங்க ஹஜ்ரத்" என்றார்; தம்பி என்றழைத்த வாய் நான் ஸனது பெற்ற நாளிலிருந்து என்னை அப்படித்தான் அழைக்கிறது. "தகப்பலல்லாஹு மின்னா வமின்க்கும்" என்று வாழ்த்தினேன். பின்னர், "ஜஸாக்கல்லாஹு கைரன்" என்றேன். உபகாரம் செய்தவரிடம் இதைச் சொன்னவர் புகழ்ச்சியை நிறைவாகச் செய்துவிட்டார் என்பது திர்மிதீயில் வரும் நபிமொழியின் கருத்து. சுற்றியிருந்தோர் பெருநாள் துஆ என்றெண்ணி ஆமீன் கூறினர். அவர் மட்டும் ஆமீன் கூறவில்லை. என் விரல்களை இறுகப் பிடித்தார்.

சற்று நேரம் சென்று, என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"இந்த வருஷம் உங்க ஊர்லேருந்து எத்தனை பிள்ளைங்க ஓதப் போறாங்க?"