ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

ஆண்டுதோறும் மாணவர்களைக் கொண்டு செய்வித்து வந்த ஒரு பரிசோதனையின் கணக்கு ஒருமுறை ஒத்துவராமல் போனதுதான் இந்தத் தேடலுக்குக் காரணம். 10.6 கிராம் பென்சால்டிஹைடை, 9 கிராம் காஸ்டிக் பொட்டாஷை 9 மில்லி தண்ணீரில் கரைத்து ஆறவைத்த திராவகத்தோடு கலந்து, கண்ணாடி மூடி காரத்தில் இறுகிப்போகும் என்பதால் ரப்பர் தக்கையால் அடைத்து, பால்போன்ற குழம்பாகும்வரை குலுக்கி, ஓர் இரவு வைத்துவிட வேண்டும். மறுநாள் தண்ணீர் விட்டால் பென்சாயிக் அமிலத்தின் உப்பு கரைந்துவிடும். பென்சைல் ஆல்கஹாலை ஈதரில் பிரித்தெடுத்து, மிச்சமிருக்கும் ஆல்டிஹைடைப் பைசல்பைட் கரைசலால் கழுவி நீக்கிய பிறகு, நீர்ப்பகுதியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பென்சாயிக் அமிலம் வெண்ணிறமாகத் திரண்டு விழும். இரண்டு மூலக்கூறு ஆல்டிஹைடில் ஒன்று ஆல்கஹாலாகவும் மற்றொன்று அமிலமாகவும் மாறுவதால், சிந்தாமல் சிதறாமல் முழுவதும் கிடைத்தால்கூட ஆல்கஹால் 5.4 கிராமுக்கும் அமிலம் 6.1 கிராமுக்கும் மேல் போக வழியில்லை.

2 C6H5CHO + KOH → C6H5COOK + C6H5CH2OH

அன்று ஒரு மாணவனுக்கு ஆல்கஹால் 4 கிராமே கிடைத்தது, அமிலமோ 6.5 கிராம். "இருக்கக்கூடியதைவிட அதிகமாக எப்படி சார் வரும்?" என்று அவன் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் பென்சால்டிஹைடு சீசாவை எடுத்துக் காட்டினேன். அதன் வாயோரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. காற்றுப் பட்டாலே பென்சால்டிஹைடு தானாகப் பென்சாயிக் அமிலமாகிவிடும் சுபாவமுடையது. நாள்பட்ட சீசாவிலிருந்து அவன் நிறுத்தெடுத்ததில் பத்தில் ஒரு பங்கு முன்னமே அமிலமாயிருந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் அவன் அத்தோடு விடவில்லை. "அமிலத்துக்குப் பிராணவாயு வந்த வழி தெரிந்தது, ஆல்கஹாலுக்கு அதிகப்படியான ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?" என்றான். தண்ணீர் பிளந்து ஒரு மூலக்கூறுக்கு ஹைட்ரஜனையும் மற்றதற்கு ஆக்ஸிஜனையும் கொடுத்திருக்கும் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். வீடு திரும்பும் வழியில், அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்ற சந்தேகம் என்னையே பற்றிக்கொண்டது.

மூலத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன். சிசிலியத் தீவில் பிறந்து, 1848-ல் அங்கு மூண்ட புரட்சியில் கலந்துகொண்டு, அது தோற்றதும் பிரான்ஸுக்குத் தப்பியோடி, பிறகு பீட்மாண்ட் நாட்டின் அலெஸாந்திரியா நகரில் ஆசிரியராக அமர்ந்த ஸ்தானிஸ்லாவோ கன்னிஸாரோ 1853-ல் லீபிக்கின் பத்திரிகையில் வெளியிட்ட ஜெர்மன் கட்டுரை இரண்டே பக்கம் கொண்டது. அதைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. இன்று அவர் பெயரால் பிரசித்தமாயிருக்கும் வினையைக் கண்டுபிடித்ததாக அவர் அதில் பெருமைப்படவேயில்லை. கட்டுரையின் தலைப்பே பென்சாயிக் அமிலத்துக்கு இணையான ஆல்கஹாலைப் பற்றியது. காடியின் அமிலத்துக்குச் சாராயம் எப்படியோ அப்படிப் பென்சாயிக் அமிலத்துக்கும் ஓர் ஆல்கஹால் இருக்கவேண்டும் என்பதை, கசப்பு வாதுமை எண்ணெயைக் காரத்தோடு வினைபுரியச் செய்து அவர் கையில் எடுத்துக் காட்டிவிட்டார். அவர் தேடியது பொருளை. அது உண்டான வழி பின்வந்தவர்களுக்கு மிச்சமாயிற்று.

அந்த மிச்சத்தைத் தீர்த்த பரிசோதனை 1938-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஃபிரெடன்ஹாகனும் போன்ஹோஃபரும், சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கனத்த ஹைட்ரஜனைக் கொண்ட கனநீரில் இதே வினையை நடத்திப் பார்த்தார்கள். நான் மாணவனிடம் சொன்னபடி தண்ணீர்தான் ஹைட்ரஜனைக் கொடுக்கிறதென்றால், ஆல்கஹாலின் கார்பனில் கனத்த ஹைட்ரஜன் ஒட்டியிருந்தாக வேண்டும். அங்கே அது இல்லை! ஆகவே கார்பனில் புதிதாக வந்து சேர்ந்த ஹைட்ரஜன் தண்ணீருடையதல்ல. பக்கத்திலிருந்த இன்னொரு ஆல்டிஹைடு தன் கார்பனிலிருந்ததையே நேராகக் கொடுத்திருக்கிறது.

கொடுக்கும் விதம் இது. காரத்திலுள்ள ஹைட்ராக்சைடு ஓர் ஆல்டிஹைடின் கார்பனில் போய் ஒட்டிக்கொள்கிறது. மின்சுமையால் நெருக்குண்ட அந்த மூலக்கூறு, தன் ஹைட்ரஜனை அதன் இரண்டு எலெக்ட்ரான்களோடும் சேர்த்து அடுத்த ஆல்டிஹைடின்மேல் தள்ளிவிட்டுத் தான் அமிலமாகிறது. காரம் செறிவாயிருந்தால் இரண்டாவது ஹைட்ராக்சைடு ஒன்று மிச்சமிருக்கும் புரோட்டானையும் பறித்துக்கொள்வதால் நெருக்கம் இரட்டிப்பாகிறது. நீர்த்த காரத்தில் இந்த வினை சோம்பிக் கிடப்பது இதனால்தான். ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில், ஆல்ஃபா எனப்படும் அந்த இடத்தில், ஹைட்ரஜன் இருந்தாலோ கதை வேறாகிவிடும். காரம் முதலில் அதைப் பறித்து ஆல்டால் வினையில் இழுத்துவிட்டுவிடும். பென்சால்டிஹைடுக்கும் பார்மால்டிஹைடுக்கும் அப்படிப் பறிகொடுக்க ஒன்றுமில்லை.

கொடுப்பவர், வாங்குபவர் என்று இருவர் இருப்பது தெரிந்த பிறகு, கொடுக்கும் வேலையை மலிவான வேறொருவர்மேல் சுமத்தலாகாதா என்ற எண்ணம் தானே எழுகிறது. கனநீர்ச் சோதனைக்கு முன்பே, 1935-ல் டேவிட்சனும் போகர்ட்டும் அதைச் செய்து பார்த்திருந்தார்கள். பார்மால்டிஹைடு உருவில் மிகச் சிறியது. அதன் கார்பனை மறைக்க ஒன்றுமில்லாததால் ஹைட்ராக்சைடு அதையே முதலில் நாடிச் சேர்கிறது. ஆகவே ஹைட்ரஜனைக் கொடுத்துப் பார்மிக் அமிலமாகும் விதி அதற்கே பெரும்பாலும் வாய்க்கிறது. பென்சால்டிஹைடு வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் நின்றுவிடுவதால், பாதியை அமிலத்துக்குப் பறிகொடுக்காமல் அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாகலாம், 5.4 கிராம் என்ற உச்சவரம்பு 10.8 ஆகிறது. பார்மால்டிஹைடு தனக்குள்ளேயே இந்த வினையைச் செய்து மெத்தில் ஆல்கஹாலாகவும் பார்மிக் அமிலமாகவும் வீணாகும் என்பதால், கணக்குக்குக் கொஞ்சம் மேலாகவே அதைச் சேர்க்கவேண்டும்.

அடுத்த வாரம் புதிய சீசா ஒன்றைத் திறந்து அந்த மாணவனையே செய்யச் சொன்னேன். மெத்தில் ஆல்கஹாலில் பென்சால்டிஹைடையும் பார்மலினையும் கலந்து, புகை வெளியே போகும் அலமாரிக்குள் வைத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே, சூடு 60, 70 டிகிரிக்கு மேல் ஏறாதபடி குளிர்வித்து, வாதுமை வாசனை அடங்கும்வரை காத்திருந்தோம். ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய நீர்ப்பகுதியில் அவன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டான். பென்சால்டிஹைடு கொடுப்பவராக இருந்திருந்தால் போன வாரத்தைப்போலவே வெள்ளையாகத் திரண்டிருக்கும். பார்மிக் அமிலமோ தண்ணீரில் கரைந்தே இருக்கும். குடுவை இலேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். மாணவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணீர் கொடுக்கவில்லை சார்" என்றான். போன வாரம் நான் சொன்னதை அவன் மறக்கவில்லை.