மூன்றாவது சொல்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கட்டுரைப் போட்டிக்காகத் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதிவந்தாள். தொடக்கப் பத்தி இவ்வாறு அமைந்திருந்தது:

“எங்கள் ஊர்க் கண்மாய் மிகவும் பழைமையானது. எங்கள் ஊர்க் கண்மாய் வயல்களுக்கு வளமும் வாழ்வும் வனப்பும் தருகிறது. எங்கள் ஊர்க் கண்மாயில் பறவைகளும் மீன்களும் மலர்களும் நிறைந்துள்ளன. எங்கள் ஊர்க் கண்மாயை என் தாத்தா அன்போடும் அக்கறையோடும் அர்ப்பணிப்போடும் காத்துவந்தார்.”

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் தமிழாசிரியர் அதைத் திருப்பித் தந்து, ஒவ்வொரு தொடரின் முதற்சொல்லையும் தாளின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னார். எங்கள், எங்கள், எங்கள், எங்கள் என்று நின்ற வரிசையைக் கண்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது மனம் பொருளின்மேல் ஓடிவிடுகிறது. தொடக்கச் சொல்லைக் கண் கடந்துபோகிறது. ஓரத்தில் தனியே பிரித்து எழுதினால்தான் அது அகப்படும்.

மறுநாள் அவள் திருத்திக் கொண்டுவந்தாள். கண்மாய் இரண்டாம் தொடரில் ‘அந்நீர்நிலை’ ஆகியிருந்தது; அடுத்ததில் ‘அப்பொய்கை’; இறுதியில் ‘மேலும், அத்தடாகம்’. ஆசிரியர் புன்னகைத்தார். “உங்கள் ஊரில் நான்கு நீர்நிலைகளா அம்மா?” என்றார். சொல்லை மாற்றியதால் தொடரின் போக்கு மாறவில்லை. படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சியது. முன்தொடரில் சொன்ன எழுவாயை அடுத்த தொடரில் சொல்லாமலே விடத் தமிழ் இடந்தருகிறது. இரு தொடர்களை வினையெச்சத்தால் ஒன்றாக்கலாம். காலத்தையோ இடத்தையோ முன்வைத்தும் தொடங்கலாம். இவற்றைவிட, “இந்தத் தொடரில் செயலைச் செய்பவர் யார்?” என்று கேட்பது நல்லது. அவளுடைய பத்தியில் கண்மாய் எதையும் செய்யவில்லை. செய்தவர் தாத்தா. அவரோ கடைசித் தொடரில் ஒதுங்கி நின்றார்.

பிறகு மும்மூன்றாக நின்ற சொற்களுக்கு ஆசிரியர் வந்தார். ஒவ்வொரு சொல்லையும் விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொன்னார். ‘வாழ்வும்’ மறைந்தபோது பொருள் குறையவில்லை. வளத்திலேயே அது அடங்கியிருந்தது. ‘வனப்பும்’ மோனைக்காக வந்து ஒட்டிக்கொண்ட சொல். “கண்மாயில் என்ன மலர்?” என்ற கேள்விக்குச் சற்று நேரம் விடையில்லை. “மலர் ஒன்றும் இல்லை, ஐயா. இரண்டோடு நிறுத்தினால் குறைவாகத் தோன்றியது” என்றாள். காதுக்கு மூன்று நிறைவாக ஒலிப்பதால், மூன்றாம் இடத்தை நிரப்ப இல்லாத பொருளையும் கை எழுதிவிடுகிறது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று, ‘வெற்றெனத் தொடுத்தல்’ மற்றொன்று. இரண்டும் அந்தச் சிறு பத்திக்குள்ளேயே இருந்தன.

“அன்பு, அக்கறை, அர்ப்பணிப்பு எல்லாம் இருக்கட்டும். தாத்தா என்ன செய்தார்?” என்று ஆசிரியர் கேட்டார்.

தாத்தா ஊரின் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்பது அவர் பொறுப்பு. அதை அவள் சொல்லச் சொல்ல, ஆசிரியர் தாளை அவள் பக்கமே நகர்த்தினார். எழுதி முடித்தது இது:

“ஐப்பசி மழைக்கு முன்பே தாத்தா கண்மாயைச் சுற்றிவருவார். கரை, மடை, கலுங்கு மூன்றையும் பார்த்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. நீர் திறந்த நாள்களில் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாகவே நடப்பார். கடைமடை வயல் நனையாமல் வீடு திரும்பியதில்லை. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு களத்திலிருந்தும் அவருக்குரிய நெல் வந்துசேரும். முக்குளிப்பான் நீரில் மூழ்கி எழுவதை எனக்குக் காட்டியவரும் அவரே.”

‘கரை, மடை, கலுங்கு’ என்பதையும் அவள் அடிக்கப் போனாள். ஆசிரியர் தடுத்தார். கரை நீரைத் தேக்குகிறது. மடை வயலுக்கு விடுகிறது. மிகுந்ததைக் கலுங்கு வெளியேற்றுகிறது. ஒன்றை விரலால் மறைத்தால் கண்மாயே குறைபட்டுப்போகும். மூன்று என்ற எண்ணிக்கைமீது அவருக்குப் பகையில்லை. பின்வருநிலையணியைப் பாடம் நடத்துபவர், சொல் மீண்டும் வருவதையே குற்றம் என்றும் சொல்லமாட்டார். வேண்டுமென்று வைத்ததா, வழக்கத்தால் வந்ததா என்பதே அவர் பார்த்தது.

அன்றிரவு அவள் புதிய பத்தியைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். பழைய படியைக் கேட்டபோது “நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்ன பாட்டி, இம்முறை இடையில் நிறுத்தினார். “எல்லாக் களத்துலயும் வாங்கமாட்டார்டி. மழை பொய்ச்ச வருசம் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல” என்றார்.

மாணவி எழுதுகோலை எடுத்து அந்தத் தொடரைத் திருத்தினாள்.