திரையில் தெரிந்த மதிப்பெண்

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளுக்குத் தானாக மதிப்பெண் போடும் மென்பொருளில் சில காலம் வேலை பார்த்தேன். அலுவலகம் சென்னையில், தேர்வு எழுதிய பிள்ளைகள் வேறொரு நாட்டில். எந்த விடைத்தாளை மனிதர் ஒருவர் மறுபடி படிக்க வேண்டும், எதைப் படிக்காமலே முடிவை வெளியிடலாம் என்று விதி எழுதுவது என் பொறுப்பு. அந்த விதியைத் தவறாக எழுதினேன். விவரம் தெரியாமல் செய்தது என்றால் இங்கே சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்துதான் செய்தேன்.

இந்த மென்பொருள் கட்டுரையைப் படிப்பதில்லை. முதலில் சில ஆயிரம் விடைத்தாள்களை மனிதர்கள் இருவர் தனித்தனியாகத் திருத்தி, 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். எப்படிப்பட்ட எழுத்துக்கு எந்த எண் விழுந்திருக்கிறது என்பதை மென்பொருள் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. கட்டுரையின் நீளம், சொல் வளம், வாக்கியங்களின் அமைப்பு, பிழைகள், பத்திகள் தொடுக்கப்பட்டிருக்கும் விதம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நீளமான கட்டுரைக்கு மென்பொருள் அள்ளிக் கொடுக்கிறது என்று குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவசரத்தில் திருத்திய மனிதர்களிடமிருந்துதான் அது அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது.

புதிதாக ஒரு விடைத்தாள் வந்தால் அது சொல்லும் விடை முழு எண் அல்ல. 3.44 என்று சொல்லும். அதை 3 ஆக்கி வெளியிடுவோம். 3.56 வந்தால் 4. தேர்ச்சிக்கு 4 வேண்டும் என்றால் இந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் தேறினார், இன்னொருவர் தேறவில்லை. மென்பொருளின் வழக்கமான பிழையே அரை மதிப்பெண் அளவுக்கு இருக்கும்போது, இந்த 0.12 வித்தியாசத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. தசம எண்ணை எங்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் போவது 3 மட்டும்.

இதை நான் எப்படி மறைத்தேன் என்று சொல்கிறேன். கணக்குக்காக 1000 விடைத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 700இல் மென்பொருளும் மனிதரும் ஒரே எண் போட்டிருக்கிறார்கள். 280இல் ஓர் எண் கூடவோ குறையவோ. மீதி 20இல் இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம். இரண்டு மனிதர்கள் திருத்தினாலே ஓர் எண் முன்பின் ஆகும் என்பதால், அதையும் “ஒத்துப்போகிறது” என்ற பக்கத்தில் சேர்ப்பது இந்தத் துறையில் வழக்கம். ஆக 98 சதவீதம் ஒத்துப்போகிறது. இந்த மாதிரி ஓர் எண்ணைத்தான் வாடிக்கையாளர் முன்னால் பெரிய எழுத்தில் காட்டினேன். கூடவே கப்பா என்றொரு அளவையும் காட்டுவோம். அதில் வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கித் தண்டனை போடுவார்கள்: ஓர் எண் விலகினால் 1, இரண்டு விலகினால் 4, மூன்று விலகினால் 9. பெரிய விலகல்களோடு ஒப்பிட்டால், ஓர் எண் விலகல் கப்பாவைக் கொஞ்சமாகத்தான் இறக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் 3க்கும் 4க்கும் நடுவில்தான் நெரிசலாக நிற்கிறார்கள். அந்த 280இல் பெரிய பங்கு 3ஆ 4ஆ என்ற சண்டைதான். அதாவது தேர்ச்சியா இல்லையா என்பது. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டி எத்தனை பேர் இடம் மாறினார்கள் என்று தனியாக எண்ண ஒரு மணி நேரம் போதும். எண்ணினேன். அந்த அட்டவணையை அறிக்கையில் சேர்க்கவில்லை.

எல்லைக்கு இருபுறமும் கால் மதிப்பெண், அதாவது 3.25 முதல் 3.75 வரை விழும் எல்லா விடைத்தாளும் மனிதர் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் முதல் வரைவு. நெரிசல் அங்கேதான் என்பதால் அதில் சிக்கும் விடைத்தாள்கள் ஏராளம். திருத்துபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி கூடியது. அதிகம் என்று மேலிடம் சொன்னதும், 3.45 முதல் 3.55 வரை என்று சுருக்கினேன். யாரும் என்னை அதட்டவில்லை. பதவி உயர்வு நெருங்கியிருந்தது, அவ்வளவுதான். சுருக்கியதை ஈடுகட்ட, மீதியிலிருந்து குலுக்கலாக 10 சதவீதம் மறுவாசிப்பு என்று சேர்த்தேன். கேட்பவர்களுக்கு அது கறாராகத் தோன்றியது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. ஜிமேட் தேர்வில் 1999இலேயே இ-ரேட்டர் என்ற மென்பொருளைக் கட்டுரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு மனிதரும் மென்பொருளும் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். ஓர் எண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு மனிதர் படிப்பார். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு மனிதக் கண் பட்டது. நாங்கள் அதை எடுத்துவிட்டு, குலுக்கலை வைத்தோம்.

குலுக்கல் முறை சராசரியை அளக்க நல்லது. மென்பொருள் மொத்தத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்லும். தனி ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அதற்குத் தெம்பு கிடையாது.

அடுத்தது, இன்றும் எனக்குக் கூச்சம் தருவது. மறுவாசிப்புக்கு வந்த விடைத்தாளின் பக்கத்திலேயே மென்பொருள் போட்ட எண்ணைத் திரையில் காட்டும்படி வடிவமைத்தேன். திருத்துபவர்களில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருந்தார். முதல் வாரத்திலேயே கேட்டார்.

“தம்பி, நம்பரை முதல்ல காட்டிட்டு அப்புறம் படிங்கன்னா, நான் எதைப் படிப்பேன்?”

“வேகமா முடியும், மேடம். தப்புன்னு தோணினா மாத்திக்கலாமே.”

“மாத்தினா காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வெச்சிருக்கீங்க. மாத்தலன்னா ஒரு வார்த்தை எழுத வேண்டாம். ஒரு தாளுக்கு இவ்வளவுன்னுதானே கூலி தர்றீங்க?”

அவர் சொன்னது அப்படியே நடந்தது. எண்ணைக் காட்டத் தொடங்கியதும் மனிதர்களும் மென்பொருளும் ஒத்துப்போகும் விகிதம் ஏறியது. மனிதர்கள் மென்பொருளின் பக்கம் சாய்ந்ததால் வந்த ஏற்றம் அது. நான் அதை மென்பொருள் மேம்பட்டதற்குச் சான்றாக அடுத்த காலாண்டு அறிக்கையில் எழுதினேன். பாராட்டும் வந்தது.

அதே ஆசிரியைதான் பின்னர் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்தார். ஊரிலுள்ள பழைய நூலகத்தை மூடலாமா என்று வாதிட்டு எழுதச் சொன்ன கேள்வி. அந்தப் பிள்ளை அதை நகர்மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பாக எழுதியிருந்தது. மூன்று உறுப்பினர்கள் பேசுகிறார்கள், ஒருவர் செலவைச் சொல்கிறார், ஒருவர் மறுக்கிறார், மூன்றாமவர் இருவரையும் மடக்குகிறார், கடைசியில் வாக்கெடுப்பு. வாதம் முழுவதும் அதற்குள் இருந்தது, எதிர்வாதம் உட்பட. மென்பொருள் 2.3 என்று போட்டு 2 ஆக்கியிருந்தது. முன்னுரை இல்லை, “ஆகவே”, “மறுபுறம்” போன்ற இணைப்புச் சொற்கள் இல்லை, வாக்கியங்கள் சின்னச் சின்னவை. ஆசிரியை போட்ட எண் 5.

மென்பொருள் தன் விடையோடு நம்பகம் என்றும் ஓர் எண் தரும். அது குறைந்தால் விடைத்தாள் மனிதருக்குப் போகும் என்பதும் என் விதிகளில் ஒன்று. இந்த விடைத்தாளுக்கு நம்பகம் உயர்வாக இருந்தது. ஏன் என்று பார்த்தேன். பயிற்சிக்குக் கொடுத்த கட்டுரைகளில் கூட்டக் குறிப்பு வடிவில் ஒன்றுகூட இல்லை. துண்டு வாக்கியங்களும் இணைப்பின்மையும் அங்கே பலவீனமான கட்டுரைகளின் அடையாளமாக மட்டுமே வந்திருந்தன. அதனால் மென்பொருள் தயங்கவில்லை. அந்த நம்பக எண், தனக்குத் தெரிந்த ஆறு பெட்டிகளில் எது என்பதில் எவ்வளவு உறுதி என்று சொல்கிறது. இப்படி ஒன்றை முன்பு பார்த்திருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்: புது விடைத்தாள் பயிற்சிக் கட்டுரைகளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளப்பது, மிகச் சிறியது, மிக நீளமானது, கேள்வியையே திருப்பி எழுதியது, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டியது ஆகியவற்றை எண் என்னவாக இருந்தாலும் ஒதுக்கி வைப்பது. தகுதிக்கு மீறி உயர்ந்த எண் வாங்கும் கட்டுரைகளையும் இந்தச் சோதனை பிடிக்கும். எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன் மாணவர்களோடு சேர்ந்து 2014இல் பேபல் என்றொரு நிரலைச் செய்தார். ஒன்றிரண்டு சொற்களைக் கொடுத்தால் அர்த்தமே இல்லாத, ஆனால் கனமான சொற்கள் நிறைந்த கட்டுரையை அது எழுதித் தள்ளும். மதிப்பெண் மென்பொருள்கள் அதற்கு உயர்ந்த எண் கொடுத்தன. பேபல் பற்றிய செய்தியை நானே அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பிச் சிரித்திருக்கிறேன்.

ஆசிரியை கொண்டுவந்த விடைத்தாளின் எண்ணை 5 ஆகத் திருத்தினோம். அறிக்கையில் “விதிவிலக்கு, ஒன்று” என்று எழுதி முடித்தேன். அங்கேதான் நான் சொன்ன பெரிய பொய் இருக்கிறது. அந்த விடைத்தாள் எல்லைப் பட்டையில் விழவில்லை, நம்பகச் சோதனையிலும் சிக்கவில்லை. 10 சதவீதக் குலுக்கலில் தற்செயலாக வந்தது. பத்தில் ஒரு பங்கைப் பார்த்து ஒன்று கிடைத்தால், பார்க்காத ஒன்பது பங்கில் அதைப்போல ஒன்பது இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் கணக்கு. அதுவும் எண்ணைத் திரையில் பார்த்த பிறகும் மாற்றத் துணிந்த ஒருவர் கையில் கிடைத்ததால் தெரியவந்தது. மற்றவர்கள் கையில் போனவை எத்தனை என்பதற்குக் கணக்கே இல்லை.

2025இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தேர்வில் ஏறத்தாழ 1400 கட்டுரைகளுக்கு மென்பொருள் தவறாக மதிப்பெண் போட்ட செய்தியைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அங்கும் சுமார் 10 சதவீதத்துக்கு மனித மறுபார்வை இருந்தது. பிழையை வெளியே கொண்டுவந்தவர், லோவல் நகரத்தில் தன் மாணவர்களின் கட்டுரைகளை எடுத்துப் படித்து, எண் பொருந்தவில்லையே என்று கேட்ட ஓர் ஆசிரியர்.

அதன் பிறகு விதியை மாற்றக் கேட்டேன். கால் மதிப்பெண் பட்டை திரும்ப வந்தது. தொலைவை அளக்கும் சோதனை வந்தது. திருத்துபவர் தன் எண்ணைப் பதிந்த பிறகே மென்பொருளின் எண் திரையில் தெரிகிறது; இரண்டும் ஒன்றுக்கு மேல் விலகினால் மூன்றாமவர் படிக்கிறார். ஒத்துப்போகும் விகிதம் இறங்கியது. அதை விளக்கிச் சொல்ல நேர்ந்த கூட்டத்தில், முந்தைய ஏற்றம் எதனால் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முடிவு வெளியான பழைய விடைத்தாள்களில் தொலைவுச் சோதனையை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருமுறை மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். ஓட்டினால் பெயர்ப் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் மதிப்பெண் மாறும், மாறினால் யார் எழுதிய விதி என்று கேட்பார்கள். அனுப்பவில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடிந்ததும் அந்த விடைத்தாள்கள் அழிக்கப்பட்டன. அழிப்பதற்கான ஒப்புதலில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.