தலைமாட்டில் மூன்று பனியன்கள்

முதலில் மெத்தையைத்தான் திட்டினோம். தீபாவளி மலிவு விற்பனையில் வாங்கிய மெமரி ஃபோம் மெத்தை. பிள்ளை நனைத்துவிடுவான் என்று அதன்மேல் தண்ணீர் புகாத உறை வேறு போட்டிருந்தோம். அந்த உறையின் அடிப்பக்கம் பிளாஸ்டிக். உடம்புச் சூடு எங்கே போகும்? இரவு ஒரு மணிக்கு எழுந்தால் முதுகு முழுக்க ஈரம்.

மனைவி உறையை உருவிப்போட்டு, பருத்தி விரிப்பு விரித்து, ஏர்கோனை இருபதில் வைத்தாள். முதுகு ஈரம் குறைந்தது. ஆனால் நெஞ்சும் கழுத்தும் நனைவது நிற்கவில்லை. அவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, நான் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தேன். தலைமாட்டில் மாற்றுப் பனியன் மூன்று எடுத்து வைத்துக்கொண்டு படுப்பது வழக்கமாகிவிட்டது.

அடுத்த சந்தேகம் பனடோல் மேல். சாயங்காலம் ஆனால் உடம்பு வலி, லேசான கதகதப்பு. வேலை முடிந்து வந்து இரண்டு மாத்திரை போட்டுப் படுப்பேன். காய்ச்சல் இறங்கும்போது வியர்க்கத்தானே செய்யும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அது தப்பான முடிவும் இல்லை. அந்தக் காய்ச்சல் ஏன் தினமும் வருகிறது என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு.

“என்னங்க, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க?” என்று மனைவி கேட்ட பிறகுதான் கிளினிக் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: “வெறும் புழுக்கமா, இல்ல சட்டையும் விரிப்பும் மாத்துற அளவுக்கா?” அறை குளிராக இருந்தும் மாற்றும் அளவுக்கு வியர்த்து, அது வாரக்கணக்கில் தொடர்ந்தால் காரணம் தேட வேண்டும் என்றார். பிறகு கேள்வி மேல் கேள்வி. இருமல்? மூன்று வாரமாக. புகைமூட்டம் என்று நினைத்திருந்தேன். எடை? இரண்டு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 65. ராத்திரிச் சோற்றைக் குறைத்ததன் பலன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கழுத்திலும் அக்குளிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நிணநீர்ப் புற்றுநோயிலும் இப்படி வியர்க்குமாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அங்கேயே வியர்த்தது.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இரவில் வியர்க்க வைக்கும், ஆனால் அதற்காக யாரும் அவற்றைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்றார். நான் பனடோல் தவிர எதுவும் சாப்பிடவில்லை. நான்கு நாள் அதை நிறுத்தி, மாலையில் காய்ச்சலை அளந்து எழுதிவரச் சொன்னார். 37.9, 38.1, 38.0, 38.2.

நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளைத் திட்டு. கொடுத்த சளியில் கிருமி இருந்தது. காசநோய்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடிவந்தான். தூக்கவில்லை. அவனுக்கு நான்கு வயது. அவனையும் மனைவியையும் அரசாங்க கிளினிக்கில் சோதித்தார்கள். இருவருக்கும் நோய் இல்லை என்று தெரியும்வரை சோறு இறங்கவில்லை. எனக்கு ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கலந்த மாத்திரை, என் எடைக்குத் தினம் நான்கு, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. காலையில் கிளினிக்கில் தாதி பார்க்க விழுங்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, சொன்னார்கள். தொடக்க வாரங்களில் முகக்கவசத்தோடு தனியறை. மூன்றாவது வாரம் பனியன் உலர்ந்தே இருந்தது. அங்கேதான் பலர் மருந்தை விட்டுவிடுவார்களாம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பலாம்.

இதற்கிடையில் அப்பா, “எனக்குந்தான்யா விடியக்காலைல வேர்க்குது, நடுக்கமா இருக்கு” என்றார். அவர் இனிப்புநீருக்கு மாத்திரை எடுப்பவர். எனக்கு வந்ததுதான் அவருக்கும் என்று பயந்து, எக்ஸ்ரே எடுத்தால் சுத்தம். டாக்டர் சொல்லி, விடியற்காலை மூன்று மணிக்கு விரலில் குத்திப் பார்த்தோம்: 3.2. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம், 5.1. ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். அவருடைய மருந்தளவைக் குறைத்தார்கள்.

ஒரே வீடு, ஒரே மாதிரி வியர்வை. எனக்கு ஆறு மாத மருந்து, அவருக்கு அரை மாத்திரை குறைவு. மெத்தை மட்டும் அப்படியேதான் கிடக்கிறது. உறையைத்தான் மனைவி தூக்கிப்போட்டுவிட்டாள்.