முதலில் காதில் விழுந்த விலை



போன மாதம் ஒரு பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்தார். வீடு கட்ட நாலு சென்ட் மனை ஒன்று பார்த்திருக்கிறாராம். "சார், சென்ட் ஆறு லட்சம், மொத்தம் 24 லட்சம் சொல்றாங்க. நான் 21-க்குக் கேட்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?" என்று கேட்டார்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். "தம்பி, அவர் 24 என்று சொல்வதற்கு முன்னால், அந்த மனை எவ்வளவு பெறும் என்று நீ நினைத்திருந்தாய்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படி ஒண்ணும் யோசிக்கலை சார்" என்றார்.

அங்கேதான் பிரச்சினை. அந்த 21 அவருடைய எண் இல்லை. விற்பவர் சொன்ன 24-லிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நின்ற இடம். அவர் 30 சொல்லியிருந்தால் நம்ம தம்பி 26-க்குக் கேட்டிருப்பார். மனை அதே மனைதான்.

இது அவர் ஒருவர் செய்யும் தவறில்லை. நானும் செய்தேன். அதில் நஷ்டப்பட்டவள் என் தங்கை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்த மறுவருடம், 2006-இல், ஊரில் இருந்த ஆறு சென்ட் இடத்தைப் பிரிக்க வேண்டி வந்தது. அதில் ஒரு பழைய ஓட்டு வீடு. தங்கையின் பாதிக்கு நான் பணம் கொடுத்துவிடுவது, அவள் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது என்று பேச்சு. விலை தெரிய வேண்டுமே என்று ஒரு தரகரிடம் கேட்டேன். "பக்கத்து மனை சென்ட் 80 ஆயிரம்னு பதிவாகியிருக்கு சார்" என்றார்.

அந்த 80 ஆயிரத்தைத் தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் நான்தான் முதலில் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு லட்சம் வரை போகும் என்றார். நான், மழை பெய்தால் தெரு சேறாகிவிடுகிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றேன். கடைசியில் 90 ஆயிரத்தில் நின்றோம். மொத்தம் 5.4 லட்சம், அவள் பாதி 2.7 லட்சம். தரகர் சொன்னதைவிடப் பத்தாயிரம் கூடவே போட்டுக் கொடுத்தோம் என்று எனக்குப் பெருமைகூட.

எட்டு மாதம் கழித்து, அதே தெருவில் எதிர் வரிசை மனை சென்ட் 1.6 லட்சத்துக்குக் கைமாறியது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த 80 ஆயிரம் பத்திரத்தில் காட்டிய தொகை. முத்திரைச் செலவுக்காக அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதியிருக்கிறார்கள். கையில் கொடுத்த பணம் வேறு. உண்மையான விலைப்படி தங்கைக்கு 4.8 லட்சம் வந்திருக்க வேண்டும்.

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்களும் அசட்டையாக இல்லை, பேரம் பேசினார்கள். ஆனால் பேசியதெல்லாம் 80-க்கும் 100-க்கும் நடுவில். அதற்கு வெளியே ஒரு விலை இருக்கலாம் என்று மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்பது எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. விளங்கவைத்தது ஒரு பெருக்கல் கணக்கு.

2012-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் ஒரு அட்டையைக் காட்டினேன்: 1×2×3×4×5×6×7×8. மறு பக்கத்தாருக்கு வேறு அட்டை: 8×7×6×5×4×3×2×1. ஐந்தே வினாடி. முழுதாகப் பெருக்க முடியாது, மனதில் பட்ட விடையை எழுத வேண்டும். இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் 1-இல் தொடங்கியவர்கள் எழுதியது சின்ன எண்கள், 8-இல் தொடங்கியவர்கள் எழுதியது பெரிய எண்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்து, 1974-இல் எழுதியது. அவர்களிடம் 1-இல் தொடங்கியவர்களின் நடு விடை 512. 8-இல் தொடங்கியவர்களின் நடு விடை 2,250. சரியான விடை 40,320.

காரணம் எளிது. முதல் இரண்டு மூன்று படிகளைத்தான் மனம் பெருக்குகிறது. ஒருவருக்கு 1×2×3×4 என்று 24 வரை வருகிறது. மற்றவருக்கு 8×7×6 என்றவுடன் 336 வந்துவிடுகிறது. அங்கிருந்து "இன்னும் கூடும்" என்று மேலே போகிறார்கள். போக வேண்டிய திசை இருவருக்கும் தெரிகிறது. ஆனால் போதுமான தூரம் போவதற்குள் நின்றுவிடுகிறார்கள். கப்பல் நங்கூரம் போட்ட இடத்தையே சுற்றிச் சுற்றி வருவதுபோல. அதனால் இதற்கு நங்கூர விளைவு என்றே பெயர்.

அன்று கரும்பலகை முன்னால் நிற்கும்போது எனக்கு அந்த 80 ஆயிரம்தான் நினைவுக்கு வந்தது. நாங்களும் மேலேதான் போனோம். பத்தாயிரம் போய் நின்றுவிட்டோம்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இப்படி ஆகாது என்று நினைக்க வேண்டாம். 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டூசான் நகரத்தில் வீட்டுத் தரகர்களுக்கு ஒரே வீட்டை நேரில் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிய விவரக் கட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். 65,900 டாலர் என்று பார்த்தவர்கள் சராசரியாக 67 ஆயிரத்துச் சொச்சம் மதிப்புப் போட்டார்கள். 83,900 என்று பார்த்தவர்கள் 75 ஆயிரத்துச் சொச்சம். எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டபோது, கேட்கும் விலையை வைத்து என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே தெரியாமல் உள்ளே போய்விடுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் எண் மனதில் விழுந்ததும், அதற்குப் பொருத்தமான காரணங்களை மனமே பொறுக்கி எடுத்துத் தருகிறது. 80 ஆயிரம் என்று கேட்டதும் எனக்குச் சேறும் உப்புத் தண்ணீரும் தோன்றின. இரண்டு லட்சம் என்று கேட்டிருந்தால், பேருந்து நிறுத்தம் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், கிழக்குப் பார்த்த மனை என்பதெல்லாம் தோன்றியிருக்கும். எல்லாமே உண்மைதான். எது முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானித்துவிட்டது.

ஆகவே மருந்தும் அதிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பழைய காரைத் தொழில் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய், ஒரு விலையைச் சொல்லி மதிப்புப் போடச் சொன்னார்கள். 2000-இல் வெளிவந்த ஆய்வு. சிலரிடம் மட்டும், சொன்ன விலை ஏன் தவறாக இருக்கலாம் என்று முதலில் காரணம் சொல்ல வைத்தார்கள். அவர்களிடம் முதல் எண்ணின் இழுப்பு குறைந்தது. முழுதாகப் போகவில்லை, குறைந்தது.

நம் மாணவருக்கு நான் சொன்னதும் இதைத்தான். "24 என்பதை மறந்துவிடு என்று சொல்ல மாட்டேன், மறக்க முடியாது. வேறு இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கு. அந்தத் தெருவில் கடைசியாக விற்ற இரண்டு மனைகளை வாங்கியவர்களிடம் போய், கையிலிருந்து கொடுத்த பணம் எவ்வளவு என்று கேள். பத்திரத் தொகையைப் பார்க்காதே. பிறகு இந்த மனைக்கு மட்டும் உள்ள குறை நிறையைப் பணமாக்கு. தாளில் எழுது."

இரண்டே நாளில் விசாரித்துவிட்டார். போன வருடம் ஒன்று சென்ட் 4.5 லட்சம், மற்றொன்று 4.7 லட்சம். இந்த வருடம் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று 4.75 வைத்தால், நாலு சென்டுக்கு 19 லட்சம். ஆனால் அந்த இரண்டும் மேட்டு மனை. இது சாலையைவிட இரண்டடி பள்ளம். நாலு சென்ட் என்பது சுமார் 1,742 சதுர அடி. இரண்டடி நிரப்ப ஏறத்தாழ 35 யூனிட் மண் வேண்டும். உள்ளூர் லாரிக்காரர் சொன்ன விலையில் ஒன்றேகால் லட்சம் ஆகிறது. அதைக் கழித்தால் 17.75 லட்சம். இதுதான் அவருடைய சொந்த எண்.

24-லிருந்து தொடங்கி 21 கேட்டிருந்தால், "பாதிக்குப் பாதி விட்டுக்கொடுப்போம்" என்று 22.5-இல் முடிந்திருக்கும். கேட்க நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் நடுப்புள்ளி எங்கே விழும் என்பதை இரண்டு ஓரங்கள்தான் தீர்மானிக்கின்றன. அதில் ஒரு ஓரத்தை வைத்தவர் விற்பவர்.

மாணவர் 17 லட்சத்துக்குக் கேட்டார், கணக்கையும் காட்டினார். விற்பவர் 20 வரை இறங்கினார். மாணவர் 18-க்கு மேல் ஏறவில்லை. இன்னும் முடியவில்லை, ஒருவேளை முடியாமலே போகலாம். அப்படிப் போனாலும் அவருக்கு நஷ்டமில்லை என்பதை அந்தத் தாள் சொல்லும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் எண் எப்போதும் பொய்யில்லை. விற்பவருக்கு நமக்குத் தெரியாத விவரம் தெரிந்திருக்கலாம். அதனால் "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். விவரம் வந்தால் உங்கள் கணக்கில் சேர்த்துத் திருத்துங்கள். விவரம் இல்லாமல் எண் மட்டும் வந்தால், அதற்காக உங்கள் கணக்கை மாற்றாதீர்கள். சொந்தக்காரர்களுக்குள் பிரிப்பதாக இருந்தால், யாரும் வாய் திறப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாக எழுதி, பிறகு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

ஓய்வூதியப் பணம் வந்ததும், விட்டுப்போன 2.1 லட்சத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். வட்டி போட்டால் அது போதாது என்று எனக்குத் தெரியும். 80 ஆயிரம் வந்த கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க வேணும்னே குறைச்சுச் சொன்னீங்கன்னுதாண்ணே இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேட்கத்தான் வாய் வரலை."

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்த வருடங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்களில் யாராவது இப்போது பாகம் பிரிக்கிற நிலையில் இருந்தால், முதல் எண்ணைச் சொல்வதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்