மோட்டார் டைமரும் செக்ரட்டரியின் கணக்கும்

அபார்ட்மெண்டில் பேச்சிலர்களாகக் குடியிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லிஃப்ட் நின்றாலும் நாம்தான் காரணம், மாடிக் கதவு திறந்து கிடந்தாலும் நாம்தான் காரணம். தண்ணீர் தீர்ந்து போனால் கேட்கவே வேண்டாம். மடிப்பாக்கம் பக்கம் ஒரு குடியிருப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் அசோசியேஷன் மீட்டிங்கில் எங்களைக் காலி பண்ணச் சொல்வதாக இருந்தது. அன்றைக்குச் செக்ரட்டரி சார் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. எங்கள் பில்டிங்கில் 24 வீடு. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கீழே சம்ப்பில் விழும். அங்கிருந்து ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். முன்பு அது முழு ஆட்டோமேட்டிக். மேல் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். கோடையில் சம்ப் காலியானது அதற்குத் தெரியவில்லை. தண்ணீர் இல்லாமலே ஓடி, பம்ப்பின் சீல் கருகிவிட்டது (அந்த சீலைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் தண்ணீர்தான்). போருக்கும் ஊற நேரம் வேண்டும். அதனால் சம்ப்பிலும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு, மோட்டாருக்கு டைமர் வைத்தார்கள். காலை 5 மணிக்கு 50 நிமிஷம், மதியம் 12 மணிக்கு 30 நிமிஷம், மாலை 6 மணிக்கு 25 நிமிஷம்.

டைமர் வந்த வாரமே ராத்திரி பதினொரு மணிக்குக் குழாயில் காற்று வர ஆரம்பித்தது. அதுவும் மேல் மாடிக்குத்தான் முதலில். தொட்டி காலியானதும் குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் கீழ் வீடுகளுக்குத்தானே இறங்கும்!

மீட்டிங் பார்க்கிங்கில் நடந்தது. முதலில் எழுந்தது மேல் மாடி நர்ஸ் அக்கா. "டூட்டி முடிஞ்சு பதினொன்றரைக்கு வரேன் சார். ஆஸ்பத்திரியில இருந்து வந்து குளிக்காம குழந்தைகிட்ட போக முடியுமா?" நியாயமான கேள்வி. அடுத்து ஒரு மாமா எழுந்தார். "டைமரை எடுத்துட்டுப் பழையபடி ஆட்டோமேட்டிக்கா விடுங்க. இல்லைன்னா அந்தப் பசங்களை அனுப்புங்க. எந்நேரமும் துணி துவைக்கிறானுங்க." எல்லோர் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

செக்ரட்டரி சார் ஒரு பழைய டைரியோடு எழுந்தார். மனிதர் சத்தமாகவே பேசவில்லை.

"மேல் தொட்டி உள்அளவு மூணு மீட்டருக்கு ரெண்டு மீட்டர். தண்ணி ஒரு சென்டிமீட்டர் ஏறினா 60 லிட்டர். மோட்டாரைப் போட்டு ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்துல 20 சென்டிமீட்டர் ஏறுது. அப்ப நிமிஷத்துக்கு 120 லிட்டர். நம்ம பில்டிங்ல 90 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கட்டட விதி நூல்ல கணக்கு வெச்சிருக்காங்க. மொத்தம் 12,150 லிட்டர். மோட்டார் 101 நிமிஷம் ஓடினா போதும். நான் 105 நிமிஷம் வெச்சிருக்கேன். ஆனா பத்தலை. ஏன்?"

யாரும் பேசவில்லை.

"டைமர் வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் மோட்டார் எப்ப ஓடுது, எப்ப நிக்குதுன்னு வாட்ச்மேனை எழுதச் சொன்னேன். சராசரியா 125 நிமிஷம் ஓடியிருக்கு. அதாவது 15,000 லிட்டர். கிட்டத்தட்ட 2,900 லிட்டர் எங்கேயோ போகுது. ஆட்டோமேட்டிக்கா இருந்தப்ப மோட்டார் அதையும் சேர்த்து ஏத்திக்கிட்டே இருந்துது, அதனால நமக்குத் தெரியலை. டைமர் தண்ணியைக் குறைக்கலை. போறதைக் காட்டிக் கொடுத்துது, அவ்வளவுதான்."

பிறகு எங்களைப் பார்த்தார். "அந்தத் தம்பிங்க நாலு பேர். கணக்குப்படி 540 லிட்டர். ரெட்டிப்பாவே செலவழிக்கிறாங்கன்னு வெச்சுக்குவோம். கூடப் போறது இன்னொரு 540. மீதி 2,300 லிட்டரை அவங்க குடிச்சாங்களா?"

சிரிப்பு. எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது.

அவர் அதோடு விடவில்லை. ராத்திரி கொஞ்ச நேரம் மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் குச்சி விட்டு அளந்திருக்கிறார். எல்லோரும் தூங்கும் அந்த மூன்று மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. 360 லிட்டர், அதாவது மணிக்கு 120. இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 2,880. டைரியில் காணாமல் போன அதே தண்ணீர்!

தொட்டியிலிருந்து நாலு லைன் இறங்குகிறது, லைனுக்கு ஆறு வீடு. ராத்திரிக்கு ஒரு லைனாக கேட் வால்வை மூடி அளந்திருக்கிறார். மூன்றாவது லைனை மூடிய ராத்திரி தண்ணீர் இறங்கவே இல்லை. அந்த ஆறு வீட்டிலும் ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கலர் பவுடர் கரைத்து, இருபது நிமிஷம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டில் கலர் தானாகக் கீழே கோப்பைக்கு வந்துவிட்டது. வாஷர் தேய்ந்திருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் பக்கவாட்டில் சத்தமில்லாமல் வழிந்தால் காதிலும் விழாது, கண்ணிலும் படாது.

"எந்த வீடு சார்?" என்று அதே மாமா கேட்டார்.

"சொல்ல மாட்டேன். நேத்தே வாஷர் மாத்தியாச்சு. ராத்திரி அளந்தேன், குச்சி அசையலை. பேர் தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப் போவுது?"

எங்களைச் சந்தேகப்பட்டவர்களை அவர் திட்டவும் இல்லை. கணக்கை மட்டும் சொன்னார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

நர்ஸ் அக்காவுக்கும் வழி செய்தார். மதிய 30 நிமிஷத்தில் பத்தை எடுத்து ராத்திரி 10 மணிக்கு வைத்தார். 1,200 லிட்டர். பதினொரு மணிக்கு வைக்கலாம் என்றால், பம்ப் ரூமுக்கு மேலே இருக்கும் வீட்டுப் பாட்டிக்குத் தூக்கம் கெடும். பத்து மணிக்குப் பாட்டி சம்மதித்தார்.

டைமரின் குறையையும் அவரே சொன்னார். "இதுக்குத் தெரிஞ்சது மணி மட்டும்தான், தண்ணி தெரியாது. அஞ்சு மணிக்கு மோட்டார் போட்டு, அஞ்சே காலுக்குக் கரண்ட் போய் அஞ்சே முக்காலுக்கு வந்தா, மீதி அஞ்சு நிமிஷம் மட்டும் ஓடிட்டு 5.50க்கு நின்னுடும். போன அரை மணியை அது திருப்பித் தராது. அதனால கரண்ட் போன நேரத்தை வாட்ச்மேன் எழுதுவார். அத்தனை நிமிஷத்தைக் கையால போட்டு ஈடு கட்டுவார். ஞாயித்துக்கிழமை, விருந்தாளி வர்ற நாள் எல்லாம் கூடுதல் ஆகும். முன்கூட்டிச் சொல்லுங்க."

எங்களைக் காலி பண்ணும் விஷயம் அஜெண்டாவில் கடைசியாக இருந்தது. யாரும் அதை எடுக்கவே இல்லை. மாமா மட்டும் போகும்போது, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாஷிங் மெஷின் போடாதீங்கடா" என்றார். சரி மாமா என்றோம்.

உங்கள் அபார்ட்மெண்டிலும் தண்ணீர்ச் சண்டை நடந்தால், யாரையாவது கை காட்டுவதற்கு முன்னால் தொட்டியின் நீள அகலத்தையும், ராத்திரி ஒரு மணி, நாலு மணி அளவையும் கேளுங்கள். ஒரு குச்சி போதும். கூட மாடி ஏற ஒரு ஆள் வேண்டும், அது பேச்சிலர் பசங்களாகவே இருக்கட்டும். இப்போதெல்லாம் எங்கள் பில்டிங்கில் அந்த அளவை எடுப்பது நாங்கள்தான். எப்படியும் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டுதானே இருக்கிறோம் :)